ஒவ்வொரு கிழமையும் மூன்று

அன்ரோனெற் மிஸ்ஸியை ஒரு கதிரையில் இருத்தி வைப்பதும் ஆஸ்பத்திரி வளவுக்குள் புகுந்த கழுதைகளைக் கலைப்பதும் ஒன்றுதான் என்று கந்தோரில் பகிடி சொல்வார்கள். இந்தப் பக்கம் கலைத்தால் அந்தப் பக்கத்தால் வந்துவிடும். அவளும் அப்படித்தான். தேத்தண்ணியைக்கூட நடந்து நடந்துதான் குடிப்பாள். அது தகப்பன்வழிக் குணம். மீன்பிடி ஊரான தாழ்வுபாட்டில் அந்த மனுஷன் காற்று மாறிவிட்டால் வீட்டுக்குள் தரிக்கமாட்டார். கரைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். மகளுக்குக் காற்று மாறவேண்டிய அவசியமும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் தாதிப் படிப்பு முடித்து மிஸ்ஸியாகி, சண்டைக் காலம் முழுவதும் வார்ட்டுகளில் நின்று கால் நரம்பு புடைத்துப்போய், இப்போது நாற்பத்தேழு வயதில் தரப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறாள். தரப் பிரிவு என்றால் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஓர் அறை, ஓர் அலுமாரி, ஒரு கொம்பியூட்டர், அன்ரோனெற். ஆஸ்பத்திரியில் ஏதாவது பிசகினால், மருந்து மாறினால், நோயாளி கட்டிலால் விழுந்தால், அது எப்படி நடந்தது என்று விசாரித்து, சம்பவ அறிக்கை எழுதி அத்தியட்சகரிடம் கொடுப்பது அவளுடைய வேலை. இதற்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘பிழை பிடிக்கிற மிஸ்ஸி’. அந்தப் பெயரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆர் செய்தது என்று கேட்பதற்குப் பொலிஸ் இருக்கிறது, நான் கேட்பது எப்படி நடந்தது என்பதை மட்டும்தான் என்று வாய் ஓயாமல் சொல்லுவாள். ஒருவரும் நம்புவதில்லை.

ஜூலை கடைசியில் ஒரு காலை. பெண்கள் வார்ட்டிலிருந்து தாதி நசீறா ஒரு தாளோடு வந்தாள். கையில் கிடைத்த தாளில், கிடைத்த பேனையால், நோயாளிக்குப் பக்கத்தில் நின்றபடியே கிறுக்கிய குறிப்புகள் அவை.

“வாசிச்சுப் பாருங்கோ மிஸ்ஸி. எனக்கு வாற கோவத்துக்கு...” என்றாள் நசீறா.

அன்ரோனெற் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடி வாசித்தாள். தாழ்வுபாடு திரேசம்மா, வயது அறுபத்தாறு. மூட்டுவாதம். பத்து நாளுக்கு முந்திய கிளினிக்கில் புதிதாக மெதொட்ரெக்செற் குளிசை தொடங்கியது. கிழமைக்கு ஒரே ஒரு நாள் மூன்று குளிசை போடவேண்டும். எட்டு நாளாக நாள்தோறும் மூன்று போட்டிருக்கிறா. வாய் முழுக்கப் புண், காய்ச்சல், தண்ணிகூட இறங்கவில்லை. இரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்துவிட்டன. அதற்குக் கீழே, பேனை தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது: ‘மருமகள் படிச்சவள். பொறுப்பில்லாமல் ஒவ்வொரு நாளும் குடுத்திருக்கிறாள். மனுசியைச் சாகடிக்கப் பாத்திருக்கிறாள்.’

இந்தக் குளிசை என்ன செய்யும் என்று அன்ரோனெற்றுக்குத் தெரியும். கிழமைக்கு ஒரு நாள் போட்டால் மூட்டுக்கு மருந்து. நாள்தோறும் போட்டால் எலும்பு மச்சையில் இரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும்.

“டொக்டர் என்ன சொன்னவர்?”

“குளிசையை நிப்பாட்டியாச்சு. சேலைன் ஏறுது, அன்ரிபயற்றிக் தொடங்கியாச்சு. குளிசையை முறிக்கிற மருந்து எங்களிட்ட இல்லை. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிறம், அம்புலன்ஸ் வந்து நிக்குது.”

“சரி. ‘பொறுப்பில்லாமல்’ எண்டு எழுதியிருக்கிறீர். அதை நீர் கண்டனீரோ?”

நசீறா முழித்தாள். “எட்டு நாள் குடுத்திருக்கிறாள் மிஸ்ஸி, இதுக்கு மேல என்ன காணவேணும்?”

“எட்டு நாள் குடுத்தது நடந்தது. பொறுப்பில்லாமல் குடுத்தது உம்மட கோவம். எனக்கு நடந்தது போதும்.”

சொல்லிவிட்டு அவள் அந்த இரண்டு வரியையும் வெட்டினாள். நசீறாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பாவம், எட்டு மணித்தியாலம் நின்ற களைப்பில் எழுதியது. அன்ரோனெற் அதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்து நின்று சமாதானம் சொல்லப் பொறுமை இல்லை. கால் ஏற்கெனவே வார்ட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

வார்ட் வாசலில் சந்தைக் கூச்சல். திரேசம்மாவின் மகள் அருளம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். சுவரோடு ஒட்டி மருமகள் நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் மகன் அம்புறோஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனால் அங்கே ஆன உபயம் அவ்வளவுதான்.

“இவளைக் கொண்டுவராதை எண்டு அப்பவே சொன்னனான். இந்தியாவில எடுத்ததை இந்தியாவிலயே விட்டிட்டு வந்திருக்கவேணும்! அம்மா திரும்பி வரேக்க இவள் வீட்டில நிக்கப்படாது, சொல்லிப்போட்டன். பிள்ளையள் எங்களிட்ட நிக்கட்டும். இவள் கப்பலோ பிளேனோ ஏறிப் போகட்டும்,” என்று அருளம்மா கத்தினாள்.

மருமகள் பெற்றிசியா தங்கச்சிமடத்துக்காரி. மண்டபம் அகதி முகாமில் இருந்த அம்புறோஸைக் கட்டி, இரண்டு பிள்ளைகளோடு அவன் பின்னால் இங்கே வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவளுடைய ஊரில் அவள் பெட்ரீசியா. இங்கே விதானையாரின் ஊர்ப் பதிவில் பெற்றிசியா ஆகிவிட்டாள். நாற்காலி கதிரை ஆனது, மாத்திரை குளிசை ஆனது. தெரியாத ஒவ்வொரு சொல்லையும் மாமியிடம் கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. திரேசம்மாவின் உதடு வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது. கண் திறந்து யாரையோ தேடினாள். பேச வாய் வரவில்லை. அம்புறோஸ் தாயோடு ஏறினான். அம்புலன்ஸ் வாசலைத் தாண்டியதும் அன்ரோனெற் பெற்றிசியாவைக் கையில் பிடித்துத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஏன் கொடுத்தாய் என்று கேட்டால் அழுகைதான் வரும், பதில் வராது. இத்தனை வருடத்தில் அவள் கற்ற தொழில் அது. அதனால் வேறுமாதிரிக் கேட்டாள்.

“அந்தக் குளிசையை எப்பிடிக் குடுக்கவேணும் எண்டு உங்களுக்கு எதில இருந்து விளங்கினது?”

“கவர்ல எழுதியிருந்துச்சுக்கா.” பெற்றிசியா கைப்பைக்குள் துழாவி ஒரு வெற்று உறையை எடுத்தாள். “மாத்திர தீந்துபோச்சுன்னு வாங்கத்தான் எடுத்துட்டு வந்தேன். அத்தைக்கு வாய் புண்ணாப் போச்சு, மருந்த விட்டா இன்னும் கூடிருமோன்னு பயந்துட்டேன்.”

“வாசியுங்கோ.”

“ஒவ்வொரு கிழமையும் மூன்று.”

“அதுதானே. ஒவ்வொரு கிழமையும் மூண்டு.”

“ஆமாக்கா. அதான் குடுத்தேன். திங்கக்கெழம மூணு, செவ்வாக்கெழம மூணு, புதன்கெழம மூணு... ஒரு கெழமகூட விடலக்கா. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போற அவசரத்துலகூட குடுத்துட்டுத்தான் போனேன்.”

அன்ரோனெற் கதிரையில் இருந்தாள். ஆம், இருந்தாள். கந்தோர் ஆட்கள் கண்டிருந்தால் டொக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

“ஏழு நாளையும் சேத்து என்னண்டு சொல்லுவீங்கள்?”

“வாரம்.”

இங்கே கிழமை என்றால் ஏழு நாள். கடலுக்கு அந்தப் பக்கம் கிழமை என்றால் ஒரு நாள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கிற ஊரில் பிறந்தவள் ‘ஒவ்வொரு கிழமையும்’ என்பதை வேறு எப்படி வாசிப்பாள்? ஒரு நாளும் தவறக்கூடாது என்றுதான் வாசிப்பாள். தெரியாத சொல்லென்றால் மாமியிடம் கேட்டிருப்பாள். இது அவளுக்குத் தெரிந்த சொல். தெரிந்த சொல்லுக்கு யார் விளக்கம் கேட்பார்கள்?

உறையைக் கையில் வாங்கியபோதுதான் அடுத்த இடி. ‘மூன்று’ மட்டும் பேனையால் எழுதியிருந்தது. மீதி நீல மையில் குத்திய இறப்பர் முத்திரை. அந்த முத்திரையைச் செய்வித்தது அன்ரோனெற்.

மூன்று வருடத்துக்கு முன்னர் மருந்து உறைகளில் ஆங்கிலத்தில்தான் கிறுக்கிக் கொடுத்தார்கள். சனம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பொக்கெற்றுக்குள் வைக்கும். அன்ரோனெற்றுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாதமாக எழுதி வெட்டி, டவுனில் முஹைதீனிடம் கொடுத்துத் தமிழில் முத்திரைகள் வெட்டுவித்தாள். மாகாணக் கந்தோர் பாராட்டியது. படம் எடுத்தார்கள். அவள் வாழ்க்கையில் பெருமைப்பட்ட சில காரியங்களில் அது ஒன்று. சந்தியோகு, அவளுடைய புருஷன், அந்தப் படத்தைக் கருவாட்டுக் கடையில் கொழுவி வைத்திருக்கிறான்.

நசீறாவின் தாள் மேசையில் கிடந்தது. வெட்டிய இரண்டு வரியும் வெட்டிய கோட்டுக்குக் கீழே நன்றாகவே தெரிந்தன. வெட்டாமல் விட்டிருந்தால் எல்லாருக்கும் வசதி. அருளம்மா சந்தோஷமாகச் சாட்சி சொல்லுவாள். பெற்றிசியா மறுத்துப் பேசமாட்டாள். முத்திரைப் பெட்டியைத் திறந்து அந்த ஒன்றை எடுத்துக் குப்பைக்குள் போட்டுவிட்டால் கதை முடிந்தது. இப்படி ஒரு நினைவு அன்ரோனெற்றுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்த கையோடு அவளுக்குத் தன்மேல் அருவருப்பும் வந்தது. எழும்பிவிட்டாள்.

“இங்கயே இருங்கோ. தேத்தண்ணி குடியுங்கோ. நான் வாறன்.”

ஓடியது மருந்துக் கவுண்டருக்கு. மருந்தாளர் காமில் முத்திரையைத் தூக்கி இன்னொரு உறையில் குத்தப் போன நேரம்.

“காமில், அதை வையுங்கோ! இந்தக் குளிசை வேற ஆர் ஆருக்குக் குடுத்தனீங்கள்?”

காமில் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தான். “ஓகஸ்றில மடு மாதா திருநாளோட அடுத்த கிளினிக் விழுகுதெண்டு ரெண்டு மாசத்துக்கும் சேத்தெல்லோ குடுத்தனான். ஒரு மாசத்துக்கு மட்டும் குடுத்திருந்தா நாலு நாளில முடிஞ்சிருக்கும்.”

“அதையும் எழுதுவன். உங்கட பேர் எழுதமாட்டன். இப்ப ஆக்களைச் சொல்லுங்கோ.”

இருவரும் தொலைபேசியில் தொங்கினார்கள். முசலியில் கைருன்னிசா எடுத்தாள். எப்படிப் போடுறீங்கள் என்று கேட்டதும் சிரித்துவிட்டாள். “அது எங்கட வீட்டில ஜும்ஆக் குளிசை மிஸ்ஸி. இவர் வெள்ளியில பள்ளிக்குப் போய் வந்து சோறு தின்னேக்க எனக்கு ஞாபகப்படுத்துவார்.” மற்றவர்களும் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். நறுவிலிக்குளம் அமிர்தநாயகம் மட்டும் போன் எடுக்கவில்லை. அவருடைய வீட்டிலும் இந்தியாவிலிருந்து வந்த மருமகன் ஒருவன் இருக்கிறான் என்று காமில் சொன்னான்.

அவ்வளவுதான். அன்ரோனெற் ஸ்கூட்டியை எடுத்துவிட்டாள். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தில் சோழகக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. மாதாவே, மாதாவே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள். அவருக்கும் வாய் வெடித்திருந்தால்? முத்திரை எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும்? நான் தானே இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன்? இப்படியே கேட்டுக் கேட்டு நறுவிலிக்குளம் வந்து சேர்ந்தபோது, அமிர்தநாயகம் மாட்டுக்குத் தண்ணி வைத்துக்கொண்டு நின்றார்.

“வாயைத் திறவுங்கோ!” என்றாள் அன்ரோனெற், தலைக்கவசத்தைக் கழற்றாமலே.

மனுஷன் பயந்துபோய்த் திறந்தார். நாக்கு வெற்றிலையில் சிவந்திருந்ததே தவிரப் புண் ஒன்றும் இல்லை.

“மூட்டுக் குளிசை எப்ப போடுறனீங்கள்?”

“ஆர், பூசைக் குளிசையோ? ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து போடுவன். ஏன் பிள்ளை, மாத்தவேணுமோ?”

அன்ரோனெற்றுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பூசைக் குளிசை, ஜும்ஆக் குளிசை. சனம் தாங்களாகவே குளிசைக்கு ஒரு நாளின் பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறது. அவள் ஒரு மாதம் இருந்து யோசித்த முத்திரையில் இல்லாதது அந்த நாளின் பெயர்தான். ஞாயிறு என்று போட்டிருந்தால் இக்கரையிலும் ஞாயிறு, அக்கரையிலும் ஞாயிறு.

பின்னேரம் அறைக்குத் திரும்பி, காத்திருந்த பெற்றிசியாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நின்றபடியே கொம்பியூட்டரில் எழுதத் தொடங்கினாள். பெற்றிசியா சொன்னது, நசீறாவின் தாளில் இருந்தது, காமில் சொன்னது. ‘சாகடிக்கப் பார்த்தாள்’ போனது. ‘பொறுப்பில்லாமல்’ போனது. மிஞ்சியவை இப்படி நின்றன:

‘நோயாளிக்குக் கிழமையில் ஒரு நாள் மூன்று குளிசைகள் விதிக்கப்பட்டிருந்தன. எட்டு நாட்கள் தொடர்ச்சியாக, நாளொன்றுக்கு மூன்று குளிசைகள் கொடுக்கப்பட்டன. இரண்டு மாதத்துக்கான குளிசைகள் ஒரே உறையில் வழங்கப்பட்டிருந்தன. கிளினிக்கில் வாய்மொழி விளக்கம் நோயாளியின் மகளிடம் கூறப்பட்டது. வீட்டில் மருந்து கொடுப்பவர் மருமகள். அவர் கிளினிக்குக்கு வந்திருக்கவில்லை. உறையில் “ஒவ்வொரு கிழமையும் மூன்று” என இருந்தது. மருமகள் இதை “வாரத்தின் ஒவ்வொரு நாளும் மூன்று” என விளங்கிக்கொண்டதாகத் தெரிவித்தார். அவர் வளர்ந்த பிரதேசத்தில் “கிழமை” என்ற சொல் ஒரு நாளைக் குறிக்கும்.’

இதுவரை கை ஓடியது. அடுத்த வரியில் நின்றுவிட்டது. மூன்று தரம் அழித்து, கடைசியில் எழுதினாள்: ‘இந்த முத்திரையை யோசனையில்லாமல் தயாரித்தது எனது மன்னிக்கமுடியாத தவறு.’ அச்செடுத்து அத்தியட்சகர் டொக்டர் வஸீரிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

அவர் வாசித்துவிட்டுச் சிவப்புப் பேனையை எடுத்தார். அந்தக் கடைசி வரியை வெட்டினார்.

“ஏன் சேர்? அது உண்மைதானே.”

“யோசனையில்லாமல் எண்டதை நீங்கள் கண்டனீங்களோ? ஒரு மாசம் யோசிச்சுச் செய்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். நசீறாட வரியை வெட்டின நீங்கள் உங்கட வரியை மட்டும் விடுறீங்கள். உங்களை அடிச்சுப்போட்டு அறிக்கையை முடிச்சா, நாளைக்கு முத்திரையை ஆர் மாத்திறது?”

அன்ரோனெற்றுக்குக் கோபம் வந்தது. வெட்கமும் வந்தது. தன்னைத் திட்டிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டால் மனுஷருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும். திரும்பிப்போய் எழுதினாள்: ‘முத்திரை மூன்று வருடமாகப் பாவனையில் உள்ளது. தயாரிக்கப்பட்டபோது, வேறு பிரதேசத் தமிழ் பேசுபவர்களிடம் வாசித்துக் காட்டப்படவில்லை.’ முதல் வரியைவிட இதுதான் கூடுதலாகச் சுட்டது. பரிந்துரையில், முத்திரையை உடனே நிறுத்தவும், உறையில் நாளின் பெயரை எழுதவும், ஒரு மாதத்துக்கு மேல் கொடுக்காமல் இருக்கவும், வீட்டில் மருந்து கொடுப்பவரையே வாசித்துச் சொல்லவைக்கவும் எழுதினாள்.

மறுநாள் காலை டொக்டர் வஸீரும் அவளும் அருளம்மாவையும் பெற்றிசியாவையும் கூப்பிட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். முத்திரை ஆஸ்பத்திரியினுடையது, சொல் இரண்டு விதமாக வாசிக்கக்கூடியது, அதற்காக வருந்துகிறோம் என்று டொக்டர் சொன்னார். அருளம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

“வடிவாக் கதைக்கிறியள். அப்ப குற்றவாளி ஆர்? கிழமை எண்ட சொல்லோ? அதைப் பிடிச்சு மறியலில போடுவமோ?” பிறகு கொஞ்சம் சத்தம் இறங்கி, “எனக்குக் கவுண்டரில சொன்னவைதான். கிழமைக்கு ஒருக்கா எண்டு. நான் பையை இவளிட்டக் குடுத்திட்டு, எல்லாம் அதில எழுதியிருக்கு எண்டு சொல்லிப்போட்டு ஓடினனான். மீன் காயப்போட்டபடி கிடந்தது.” என்றாள். சொன்ன பிறகு யாருடைய முகத்தையும் அவள் பார்க்கவில்லை. ஆனாலும் போகும்போது பெற்றிசியாவிடம், “அம்மா வரட்டும், அப்ப பாப்பம்” என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா வருவாவா என்பதே அப்போது தெரியாது. யாழ்ப்பாணத்தில் இரத்தம் ஏற்றினார்கள், குளிசையை முறிக்கிற மருந்து கொடுத்தார்கள். அன்ரோனெற் நாளுக்கு எத்தனையோ தரம் அங்கே போன் எடுத்தாள். ஒரு நாள் அந்த வார்ட்டுத் தாதி, மிஸ்ஸி, நீங்கள் போன் எடுத்துக் கதைக்கிற நேரத்துக்குள்ள நான் மனுசிக்கு இன்னொருக்கா பிறஷர் பாத்திடுவன் என்றே சொல்லிவிட்டாள். பெற்றிசியாவின் பெட்டி தாழ்வுபாட்டு வீட்டு மூலையில் கட்டியபடி இருந்ததாகக் கேள்வி. பிள்ளைகளுக்குக் காய்ச்சலுக்குப் பனடோல் கொடுக்கக்கூட அவள் பயந்து, அயலில் ஆளைக் கூப்பிடுகிறாள் என்றும் கேள்வி. அதைக் கேட்ட அன்றைக்கு அன்ரோனெற்றுக்குச் சோறு இறங்கவில்லை.

ஓகஸ்ற் நடுவில் வெள்ளணுக்கள் ஏறின. புண் ஆறியது. திரேசம்மா பிழைத்துவிட்டாள். அடுத்த கிளினிக்குக்கு மகன், மகள், மருமகள் மூவரோடும் வந்து இறங்கினாள். மெலிந்து பாதியாகிவிட்டாள், ஆனால் குரல் திரும்பிவிட்டது. மூட்டுக்கு இனி வேறு மருந்து என்றார் டொக்டர். கவுண்டரில் காமில் உறையை நீட்டினான். அருளம்மா சட்டென்று முந்திக்கொண்டு கையை நீட்டினாள். பெற்றிசியா இரண்டு அடி பின்னால் போய் நின்றாள்.

“எடி, உன்ர கையை எடு,” என்றாள் திரேசம்மா.

“அம்மா, இனியும் இவளிட்டயோ?”

“இவளிட்டத்தான். நீ வாங்கிக்கொண்டு வந்து திண்ணையில எறிஞ்சுபோட்டு ஓடுறனி. வாய் வெடிச்சுக் கிடக்கேக்க கரண்டியால தண்ணி பருக்கினது இவள். எழுதியிருக்கிறதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்யிறவள் இவள்.” பிறகு அன்ரோனெற்றின் பக்கம் திரும்பினாள். “எழுதிறவை ஒழுங்கா எழுதட்டும்.”

அறிக்கையில் அத்தனை பக்கம் எழுதியும் சொல்ல முடியாததை மனுஷி ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அன்ரோனெற்றுக்குக் கண் கலங்கியது. காமிலின் கையிலிருந்து உறையை வாங்கிப் பெற்றிசியாவிடம் கொடுத்தாள்.

“வாசிச்சுக் காட்டுங்கோ, பெட்ரீசியா.”

பெற்றிசியா இரண்டு கையாலும் உறையைப் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையைவிட மெதுவாக வாசித்தாள். “ஒவ்வொரு நாளும். காலையில் ஒன்று.” பிறகு தலையை நிமிர்த்தினாள். “அக்கா, இங்க நாளுன்னா நாள்தானே?”

“ஓம்,” என்றாள் அன்ரோனெற். “நாள் எண்டா நாள்தான்.” இருந்தாலும் மனம் கேட்கவில்லை, அன்று மாலைக்குள் அந்த ‘ஒவ்வொரு நாளும்’ முத்திரையையும் எடுத்துக்கொண்டு கிளினிக்கில் இருந்த ஆளாளிடம் வாசித்துக் காட்டச் சொல்லி, வராந்தாவில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தாள்.